லாபம் 18 லட்சம், வங்கியில் 2 லட்சம்

சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கியல் வகுப்பு எடுக்கும்போது, பணம் வந்து போவதைக் காட்டும் கேஷ் ஃப்ளோ ஸ்லைடு வந்ததும் கேள்விகள் சூடுபிடித்துவிடும். "லாபம்னு வரி கட்டுறேன், ஆனா சம்பளம் போட வங்கி ஓவர்டிராஃப்டைத்தான் தொட வேண்டியிருக்கு" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

ஸ்லைடில் இருப்பது ஒரு கற்பனைப் பனியன் கம்பெனி. நிகர லாபம் 18 லட்சம். அதோடு, செலவாகக் கழித்திருந்த மெஷின் தேய்மானம் 6 லட்சத்தைக் கூட்டினால் 24. இந்த இடத்தில் பலரும் தேய்மானம் ஏதோ பணம் கொண்டுவருவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உடனே தேய்மானத்தை 8 ஆக்கிக் காட்டுவேன். வரியை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் லாபம் 16 ஆகும், கூட்டினால் அதே 24தான். மெஷின் வாங்கிய அன்றே பணம் போய்விட்டது. இப்போது கழிப்பது ஏட்டில் மட்டும் நடப்பது, அதனால்தான் திருப்பிக் கூட்டுகிறோம்.

அடுத்த வரிகளில்தான் பணம் காணாமல் போகிறது. வாடிக்கையாளர் பாக்கி 40 லட்சத்திலிருந்து 62 ஆகிவிட்டது, 22 கழிக்க வேண்டும். சரக்கிருப்பு 9 லட்சம் கூடியிருக்கிறது, அதுவும் போச்சு. நூல்காரருக்குத் தரவேண்டிய பாக்கி 4 லட்சம் கூடியது, அது நம் கையில் நின்ற பணம். ஆக, தொழில் நடத்தியதில் வந்தது மைனஸ் 3 லட்சம். புது மெஷினுக்கு 12 லட்சம் போய், கடனாக 10 லட்சம் வந்தது. வருடத் தொடக்கத்தில் வங்கியில் இருந்த 7 லட்சம் 2 ஆகிவிட்டது.

பெரும்பாலான வகுப்புகள் இங்கே முடிந்துவிடும். அந்த 22 லட்சத்தைப் பிரித்துப் பார்க்காவிட்டால் ஸ்லைடு வீண் என்பது என் கருத்து. விற்பனை 200 லட்சத்திலிருந்து 240 லட்சமானது, அதாவது 20 சதவீத வளர்ச்சி. பாக்கியும் அதே அளவு வளர்ந்திருந்தால் 48 லட்சத்தில் நின்றிருக்கும். ஆக 8 லட்சம் வளர்ச்சிக்குக் கொடுத்த விலை, மீதி 14 லட்சம் வசூலில் விட்டது. நாள் கணக்கில் பார்த்தால், விற்ற பணம் வர முன்பு 73 நாள், இப்போது ஏறக்குறைய 94 நாள். வளர்ச்சிக்கான 8 லட்சத்துக்கு வங்கியிடம் நடைமுறை மூலதனம் கேட்கலாம். 14 லட்சத்துக்குப் பார்ட்டிகளைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

"அப்போ மார்ச்சுல நூல்காரருக்குப் பணம் குடுக்காம நிறுத்தினா தொழில்ல வந்த பணம்ங்கிற எண் நல்லா தெரியுமே சார்?" என்று ஒருவர் கேட்டார். தெரியும்தான், அந்த வித்தை பலருக்கும் அத்துப்படி. அதனால் யாராவது அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினால், ஏப்ரல் மாத வங்கி ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்தே கேட்பேன். முதல் பத்து நாளில் நூல்காரர்களுக்குப் பெரிய தொகைகள் வரிசையாகப் போயிருந்தால், மார்ச் 31 அன்று காட்டிய இருப்பில் எவ்வளவு அவர்களுடையது என்று தெரிந்துவிடும்.