அத்தைக்கு மூன்றே வரியில் நன்றி: ஒன்பது வாக்கியத்தை வெட்டிய கதை

கல்யாணம் முடிந்து இரண்டு கிழமை. ஹட்டனில் இருந்து பண்டாரவளை அத்தைக்கு எழுதிய நன்றிக் குறிப்பு இன்றுதான் ஒருவழியாக உறையில் ஏறியது. ஒன்பது வாக்கியம் மூன்றானது. அதற்குள் இரண்டு கார்ட் வீணாகிவிட்டது.

முதலில் எழுதியது இப்படித் தொடங்கியது: “இறைவன் அருளால் எங்கள் திருமணம் இனிதே நிறைவேறியது. தாங்கள் அன்புடன் அனுப்பிய விலைமதிப்பற்ற பரிசு கிடைக்கப்பெற்றோம். அதைக் கண்டு மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தோம்.” மிச்சம் ஆறும் இதே ரகம். எழுதி முடித்து வாசித்தால், ஒன்பது வாக்கியத்தில் ஒரு இடத்தில்கூட “கம்பளி” என்ற சொல் இல்லை. அத்தை கொடுத்தது கம்பளிதானே! அத்தையின் பெயரை எடுத்துவிட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்த பக்கத்து லயத்து அண்ணன் பெயரைப் போட்டாலும் அந்தக் குறிப்பு அப்படியே பொருந்தும். ஒரு வாக்கியம் வேறு ஆளுக்கும் பொருந்துகிறதென்றால் அதை வெட்டலாம். அப்படிப் பார்த்ததில் ஒன்பதும் போனது.

அடுத்து வந்த சிக்கல், தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வது. மூன்று வாக்கியம் என்று எண்ணி எழுதியும் கார்ட் நிறைந்துவிட்டது. “நீங்கள் அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்து, அதைப் பிரித்துப் பார்த்து, எல்லோரும் சந்தோஷப்பட்டு, அம்மாவும் தொட்டுப் பார்த்துப் பாராட்டி...” என்று வினையெச்சமாகக் கோத்துக்கொண்டே போனால் ஒரு வாக்கியத்துக்குள் ஐந்து வாக்கியம் ஒளிந்துகொள்ளும். முற்றுப்புள்ளியை எண்ணிப் பிரயோசனம் இல்லை, வினைகளை எண்ண வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு முடிந்த வினை ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதற்கு முன்னால் ஓர் எச்சம். இந்தக் கணக்கை வைத்தவுடன் பாதி தானாக உதிர்ந்தது.

பெரிய பிழை இதற்குப் பிறகுதான் வந்தது. பரிசு எழுதிய கொப்பியில் “கம்பளி – பண்டாரவளை” என்று மட்டும் இருந்தது. வீட்டில் இருந்ததோ இரண்டு கம்பளி, இரண்டுமே பண்டாரவளையில் இருந்து வந்தவை. பச்சைக் கம்பளி என்று எழுதி, மடித்து, உறையும் ஒட்டியாகிவிட்டது. பார்சலைக் கொண்டுவந்த மாமாவிடம் போனில் கேட்டபோதுதான் அத்தையுடையது சிவப்புக் கரை போட்டது என்று தெரிந்தது. “பரிசு” என்று பொதுவாக எழுதியிருந்தால் குறிப்பு உப்புச்சப்பில்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான். பிழையான நிறம் போயிருந்தால் தான் கொடுத்ததை யாரும் பிரித்தே பார்க்கவில்லை என்றுதான் அத்தை நினைத்திருப்பார். அதனால் பார்சல் பிரிக்கிற அன்றைக்கே கொப்பியில் மூன்று விஷயம் எழுதிவிடுங்கள்: கொடுத்தவர், கொண்டுவந்தவர், பொருளின் நிறமோ அடையாளமோ.

அந்தப் போனில் இன்னொன்றும் கிடைத்தது. முழங்கால் வலியோடு அத்தை தானே கடைக்கு நடந்து போய் எடுத்தாராம். குறிப்புக்கு உயிர் வந்தது இதனால்தான். கடைசியில் போனது இது:

“அன்புள்ள அத்தைக்கு,
நீங்கள் மாமாவிடம் கொடுத்துவிட்ட சிவப்புக் கரைக் கம்பளி பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே பத்து நாளாக மழை விடவில்லை, விடியக்காலைக் குளிருக்கு அதைத்தான் போர்த்திக்கொள்கிறோம். முழங்கால் வலியோடு நீங்களே கடைக்குப் போனீர்கள் என்று மாமா சொன்னார், அதற்குத்தான் பெரிய நன்றி அத்தை.”

முதல் வாக்கியம் பொருளைச் சொல்கிறது, இரண்டாவது அது வீட்டில் என்ன செய்கிறது என்பதை, மூன்றாவது அவர் பட்ட சிரமத்தை. நன்றி என்ற சொல் கடைசியில், ஒரே ஒரு தடவை. சொந்த அத்தையிடம் எடுத்த எடுப்பில் “நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்” என்றால் அந்நியமாக நிற்கும். அவர் செய்த ஒரு காரியத்தோடு சேர்த்துச் சொன்னால் உறுத்தாது.

மொய்க் கவர் கொடுத்தவர்களுக்கும் இதே மூன்று படிதான். தொகையை எழுத வேண்டியதில்லை, “அந்தக் காசைக் காஸ் குக்கருக்குப் போட்டோம்” என்பது போதும். இன்னும் ஒன்றும் வாங்கவில்லை என்றால் வாங்கியதாக எழுத வேண்டாம், எதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

மூன்று வரி பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. மரியாதை “நீங்கள்” என்பதிலும், “அன்புள்ள அத்தைக்கு” என்பதிலும், கையால் எழுதியதிலும் இருக்கிறது. மிச்ச இடத்தை நிரப்ப வாழ்த்துக் கவிதை தேடவில்லை. அத்தை கண்ணாடி இல்லாமல் வாசிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினோம், கார்ட் அதிலேயே நிறைந்துவிட்டது.