என்னை மட்டும் பரிசோதித்ததில் போன மாதங்கள்

எனக்கு 36 வயது, என் கணவருக்கு 43. திருமணமாகி அரை வருடத்துக்கு மேல் ஆகியும் கருத்தரிக்காததால் தருமபுரியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். ஓராண்டு முடியட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓராண்டு என்பது 35 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான கணக்கு என்பதும், அதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பதும், 40ஐத் தாண்டியவர்கள் காத்திருக்கவே கூடாது என்பதும் பின்னர்தான் எங்களுக்குத் தெரிய வந்தன. அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மறுபடி போனபோதும் என்னை மட்டுமே பரிசோதித்தார்கள். ஸ்கேனில் குறை எதுவும் இல்லை; ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையில் மட்டும் அளவு குறைவாக இருந்தது. இனிக் குழந்தையே பிறக்காது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நாங்கள் அடுத்துப் பார்த்த மருத்துவர்தான் அதைப் பொறுமையாக விளக்கினார். அந்த அளவு, மிச்சமிருக்கும் கருமுட்டைகளின் எண்ணிக்கையைத் தோராயமாகக் காட்டுமே தவிர, அவற்றின் தரத்தைக் காட்டாது. இயல்பாகக் கருத்தரிக்க முடியுமா என்பதையும் சொல்லாது. தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயதுதான். பெண்ணின் முட்டைகள் அவள் பிறக்கும்போதே உருவாகிவிட்டவை என்பதால், வயது ஏற ஏற அவை முதிரும் கட்டத்தில் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது கூடுகிறது. 35க்குப் பின் கருத்தரிப்பது குறைவதற்கும் கருச்சிதைவு அதிகரிப்பதற்கும் அதுவே முக்கியக் காரணம்.

“உங்கள் கணவரின் அறிக்கை எங்கே?” என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை, ஏனெனில் அதுவரை யாரும் அதைக் கேட்கவே இல்லை. ஆண்களுக்கு விந்தணு தொடர்ந்து உருவாகிக்கொண்டே இருந்தாலும், 40க்குப் பின் விந்தின் அளவும் அணுக்களின் நகர்வும் மெல்லக் குறைகின்றன, மரபுப் பொருளில் பிழைகளும் கூடுகின்றன.

பரிசோதனைக்கூட எழுத்தர் ஒரு டப்பாவைக் கொடுத்து, வீட்டிலிருந்தே எடுத்து வரலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். பென்னாகரம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. எப்போது எடுத்தது என்று கேட்காமலேயே அதை வாங்கிக்கொண்டார்கள். நகரும் அணுக்கள் 12 சதவீதம் என்று முடிவு வந்ததும் என் கணவர் இரண்டு நாள் சரியாகப் பேசவே இல்லை. மருத்துவர் அந்த அறிக்கையைப் பார்த்ததும், மாதிரி எடுத்த நேரமே குறிக்கப்படவில்லை, இது செல்லாது என்று சொல்லிவிட்டார். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டிலேயே போய்ச் சேர வேண்டும்; அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவு தவிர்த்திருக்க வேண்டும்; சிந்தாமல் முழுவதையும் சேகரிக்க வேண்டும். தொலைவில் இருப்பவர்கள் பரிசோதனைக்கூடத்திலேயே தனி அறை கேட்டு வாங்குங்கள், அறிக்கையில் நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அங்கேயே கொடுத்த இரண்டாம் மாதிரியில் நகர்வு 38 சதவீதம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் கீழ் வரம்பாகக் கொள்ளும் 42ஐவிடச் சற்றே குறைவுதான் என்று கேட்டதும் எனக்கு மூச்சே திரும்பி வந்தது. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்பதால், என் கணவர் புகைப்பதை நிறுத்திய பலன் அதற்கு முன் அறிக்கையில் தெரியாது என்றார் மருத்துவர். அதுவரை என் வயது காத்திராது என்று சொல்லி, கருக்குழாய் அடைப்பு உள்ளதா என்று பார்க்கும் பரிசோதனையை இந்த மாதவிலக்கு முடிந்ததுமே எனக்கு வைத்திருக்கிறார்.