உப்பளத்துக் கதைக்கு ஒரு பிட்ச் டெக்

கோடம்பாக்கத்தில் கதை என்பது இன்றும் தயாரிப்பாளரின் எதிரே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாயால் சொல்லப்படுவதுதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் கிடைப்பதற்கு முன்னால், பதினைந்து பக்கத்துக்குள் அடங்கும் ஒரு பிடிஎஃப்பை அனுப்பச் சொல்வது இப்போது பரவலாகிவிட்டது. இயக்குநர் நண்பர் ஒருவருக்காக அப்படியொரு பிட்ச் டெக்கைத் தயாரித்தேன். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண், கணக்கில் எழுதப்படாமல் விடுபட்ட தன் கூலியை அந்த சீசன் முடிவதற்குள் கணக்கப்பிள்ளையிடமிருந்து தந்திரமாக வாங்கிவிடுகிறாள் என்பதே ஒன்லைன்.

ஒன்லைனையும் கதைச்சுருக்கத்தையும் எழுதுவது விரைவில் முடிந்துவிட்டது. படத்தின் தொனியைச் சொல்லும் பக்கத்தில்தான் பேச்சு நீண்டது. நண்பர் தமக்குப் பிடித்த படங்களின் போஸ்டர்களை வரிசையாக அடுக்கச் சொன்னார். போஸ்டர்களைப் பார்க்கும் தயாரிப்பாளருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் படங்களின் வசூல்தான் என்பதால், மூன்றே படங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் எதை எடுக்கிறோம், எதை எடுக்கவில்லை என்று இரண்டிரண்டு வரி எழுதலாம் என்றேன். 1981இல் வெளிவந்த ‘தண்ணீர் தண்ணீர்’ படத்திலிருந்து அதிகாரத்தைக் குத்திக்காட்டும் கசப்பான நையாண்டியை எடுத்துக்கொண்டோம். நாடகத்திலிருந்து வந்த அந்தப் படத்தின் நீண்ட வசனங்களை எடுத்துக்கொள்ளவில்லை. ‘காக்கா முட்டை’யிலிருந்து வறுமையை அழுகையில்லாமல் சொல்லும் விதத்தை எடுத்தோம். ‘கடைசி விவசாயி’யில் முதன்மைப் பாத்திரத்தில் உண்மையான விவசாயியே நடித்திருந்ததைப் போல, துணைப் பாத்திரங்களில் உப்பளத் தொழிலாளர்களே நடிப்பார்கள் என்று எழுதினோம், அதன் நிதானமான நடை மட்டும் எங்கள் தந்திரக் கதைக்கு ஒத்துவராது என்பதையும் சேர்த்தோம். இவற்றுக்குக் கீழே, அந்தப் பெண் கணக்கப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்துவிட்டு அவருக்காகத் தானே நோட்டைப் படித்துக்காட்டும் காட்சியை அரைப் பக்கத்தில் கொடுத்தோம். படம் எவ்வளவு சிரிக்கும், எங்கே சிரிப்பை நிறுத்தும் என்பதை மேற்கோள் படங்களைவிட அந்த அரைப் பக்கமே தெளிவாகக் காட்டியது.

பார்வையாளர் பக்கத்தில் ‘எல்லாத் தரப்புக்குமான படம்’ என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். எங்கள் கதைக்கு முதல் பார்வையாளர்கள் குடும்பத்தோடு தொலைக்காட்சியில் படம் பார்க்கும் பெண்கள் என்று முடிவு செய்தோம். அந்த ஒரு முடிவு திரைக்கதைக்குள்ளும் கை வைத்தது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. சாட்டிலைட் உரிமையை நம்பும் படத்தில், தொழிலாளி ஒருவரை அடித்து நொறுக்கும் காட்சியை ரத்தமும் சதையுமாக எடுப்பது அந்த உரிமையையே ஆபத்தில் தள்ளும். எனவே அந்த அடி கதவுக்கு அப்பால் கேட்கும் ஓசையாக மட்டும் இருக்கும் என்று டெக்கிலேயே குறிப்பிட்டோம். நையாண்டித் தொனிக்கும் அதுவே பொருந்தியது.

காட்சித் தோற்றத்துக்கு இணையத்தில் தேடினால் பொலிவியாவின் உயூனி உப்புவெளிதான் முதலில் வந்து நிற்கிறது. வானத்தைக் கண்ணாடிபோலக் காட்டும் அந்தப் படங்கள் அழகானவை. ஆனால் தூத்துக்குடி உப்பளம் வரப்புகளால் பிரிக்கப்பட்ட சின்னச் சின்னப் பாத்திகளால் ஆனது. இல்லாத இடத்தைக் காட்டி வாக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒளிப்பதிவாளரோடு நேரில் போய், விடியற்காலை, நண்பகல், மாலை மூன்று வேளையிலும் ஒரே பாத்தியைப் படமெடுத்தோம். நண்பகலில் வெண்மையான தரையே பெரிய தெர்மகோல் அட்டைபோல வேலை செய்து, கீழிருந்து முகத்தில் வெளிச்சத்தை அடிக்கிறது. மோவாயின் அடியில் இருக்கவேண்டிய நிழல் காணாமல் போகிறது, கண்கள் இடுங்கிவிடுகின்றன. முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் உப்பு வெளுத்து விவரமற்றுப் போகிறது. உப்புக்கு வைத்தால் முகம் கறுத்துவிடுகிறது. இரண்டையும் சமன்செய்யப் பார்க்காமல், வெளியே வேலைக் காட்சிகளில் மனிதர்கள் நிழலுருவங்களாகவும், இருட்டான வீட்டுக்குள் ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் அந்தப் பெண்ணின் கண்கள் முழுமையாகவும் தெரியும் என்று ஒளிப்பதிவாளர் முடிவு செய்தார். அதற்கான நான்கு புகைப்படங்களும் வெள்ளை, சாம்பல், உப்புநீரின் மங்கிய சிவப்பு என்ற மூன்று நிறங்களும் போதுமானவையாக இருந்தன. பலர் டெக்கைக் கைப்பேசியில்தான் திறப்பார்கள் என்பதால் ஒரு பக்கத்துக்கு ஒரே புகைப்படம் வைத்து, எழுத்தைப் பெரிதாக்கினோம்.

அதே பகுதியில் படப்பிடிப்புக் காலத்தையும் சேர்க்கச் சொன்னேன். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் நீரில் மூழ்கி உப்பு எடுப்பு நின்றுவிடும் என்பதால், அறுவடைக் காட்சிகளைச் செப்டம்பருக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டு உப்பு விளையும்வரை காத்திருக்க வேண்டும். டெக்கைப் பார்த்துவிட்டு எங்களை அழைத்த தயாரிப்பாளர் கதையைக் கேட்பதற்கு முன்பே அந்த வரியைத்தான் சுட்டிக்காட்டி, கதாநாயகியின் கால்ஷீட் எந்த மாதங்களில் வேண்டும் என்று விசாரித்தார்.