25% லாபம்னா எதுல 25%? மார்க்கப், மார்ஜின் கணக்கு எனக்கு பிடிபட்ட விதம்

பி.காம் அக்கவுண்ட்ஸ் படிக்கிறவங்க, டிஎன்பிஎஸ்சி மேத்ஸும் சேர்த்து பாக்குறவங்க ரெண்டு பேருக்கும் இது. நான் ரெண்டுக்கும் ஒரே நேரத்துல படிச்சேன், அப்பதான் ரெண்டு இடத்துலயும் லாப சதவீதத்தை வேற வேற மாதிரி எடுக்குறாங்கன்னு கவனிச்சேன். மேத்ஸ்ல லாபம் 25%னு சொல்லி வேற எதுவும் சொல்லலன்னா அது அடக்க விலை மேல. அக்கவுண்ட்ஸ்ல கிராஸ் ப்ராஃபிட் ரேஷியோ 25%னா அது நிகர விற்பனை மேல. முதல்ல சொன்னது மார்க்கப், ரெண்டாவது மார்ஜின்.

ஃபார்முலாவ மனப்பாடம் பண்றத விட ஒரு பொருள எடுத்து போட்டுப் பாருங்க. ஒரு பாத்திரக்கடைல டிபன் கேரியர் கொள்முதல் 240 ரூபா (ஜிஎஸ்டிய இப்போதைக்கு விட்டுடுவோம்). அடக்கத்து மேல 25%னா 60 ரூபா, வித்தா 300. விற்பனை மேல 25% வேணும்னா, விலைல கால் பங்கு லாபம், மிச்ச முக்கால் பங்குதான் அந்த 240, அப்போ 240 ஐ 0.75 ஆல வகுக்கணும், 320 வரும். ஒரே 25%, ஆனா விலைல 20 ரூபா வித்தியாசம். 300க்கு வித்தா மார்ஜின் என்னன்னா 300ல 60, அதாவது 20% தான். லாபத்தொகை அதே 60 தான், ஆனா அத வகுக்குற எண் 240ல இருந்து 300 ஆயிடுச்சு, விற்பனை விலைக்குள்ளயே லாபமும் சேர்ந்து உக்காந்திருக்கு, அதனாலதான் மார்ஜின் எப்பவும் மார்க்கப்ப விட கம்மியா வருது. மார்க்கப் 100%, 200%னு போகலாம், மார்ஜின் 100% தொடணும்னா பொருள் சும்மா கிடைச்சிருக்கணும்.

கடைக்காரருக்கு இது ஏன் முக்கியம்னா வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாத்தையும் வழக்கமா விற்பனைல எத்தன சதவீதம்னுதான் பாப்பாங்க. அந்த கடைக்கு இந்த செலவு விற்பனைல 22%னு வைங்க. 300க்கு வித்தா செலவு 66, லாபம் 60, ஒவ்வொரு கேரியருக்கும் 6 ரூபா கையவிட்டு போகுது. 25ல 22 போனா 3 நிக்குமேன்னு நெனச்சிட்டே இருப்பாரு. 320க்கு வித்தா செலவு 70.40, லாபம் 80, அப்பதான் அந்த 3% நெஜமாவே நிக்கும். தள்ளுபடியும் இதே மாதிரிதான், 25% ஏத்தி வச்ச 300ல 25% தள்ளுபடி குடுத்தா 225, அடக்கத்துக்கும் கீழ போயிடும். 20% குடுத்தாலே 240 வந்துடும்.

எக்ஸாம்ல வேகமா மாத்த பின்னம்தான் கை குடுக்கும். அடக்கத்து மேல 1/4னா விற்பனை மேல 1/5, 1/3னா 1/4, 1/2னா 1/3. கீழ இருக்குற எண்ணோட மேல இருக்குறத கூட்டுங்க, அவ்ளோதான். திருப்பி வரணும்னா கழிக்கணும், விற்பனை மேல 2/5னா அடக்கத்து மேல 2/3.

இது நல்லா வேலை செய்யுற இடம் தீ விபத்து இழப்பீடு கணக்கு. ஆரம்ப சரக்கு 60,000, கொள்முதல் 3,00,000, தீப்பிடிச்ச நாள் வரைக்கும் விற்பனை 3,75,000, லாபம் விற்பனை மேல 20%. 3,75,000ல 20% 75,000, கழிச்சா வித்த சரக்கோட அடக்கம் 3,00,000, கடைல இருந்திருக்க வேண்டிய சரக்கு 60,000. இதே கணக்குல 20% ஐ அடக்கத்து மேலன்னு எடுத்து 1.20 ஆல வகுத்தா அடக்கம் 3,12,500, சரக்கு 47,500 ஆயிடும். இன்சூரன்ஸ்ல கேக்குற தொகைலயே 12,500 கொறையுது, விடையும் பாக்க நம்புற மாதிரியேதான் இருக்கும், அதனால சந்தேகமே வராது. நான் பண்ற செக் இதுதான்: வந்த லாபத்த கேள்வில சொன்ன அடிப்படையால வகுத்துப் பாக்குறது. தப்பா போட்டதுல லாபம் 62,500, அத 3,75,000 ஆல வகுத்தா 16.67% தான் வருது, 20 வரல, அங்கயே மாட்டிக்கும்.

பேரை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, கேள்வில 'மீது'ங்கிற சொல்லுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. மருந்து விலை கட்டுப்பாட்டு ஆணை 2013ல சில்லறை கடைக்காரருக்கு 16% மார்ஜின்னுதான் போட்டிருக்கு, ஆனா அந்த 16% ஐ கடைக்காரர் வாங்குற விலைகளோட சராசரி மேல கூட்டிதான் உச்சவிலை போடுறாங்க. 100 ரூபா மருந்து 116, அதுல 16ங்கிறது விற்பனை மேல 13.79% தான்.