அண்ணாச்சியிடம் தீபாவளி ஆர்டரை முன்கூட்டியே வாங்குவது

எண்ணெய், நெய், சர்க்கரை, மைதா, கடலை மாவு எடுத்து மளிகைக் கடைகளுக்குப் போடும் ஏஜென்சிகளில் ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு பேச்சு தொடங்கிவிடும். "சீக்கிரம் ஆர்டர் கொடுங்கள், கடைசி நேரத்தில் சரக்கு கிடைக்காது." கடைக்காரர்கள் இதை வருஷா வருஷம் கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் போன் செய்கிறார்கள். சோம்பலால் அல்ல. முன்கூட்டி எடுத்தால் பணம் முடங்கும், கடையில் நடக்க இடமிருக்காது, விலை இறங்கினால் நஷ்டம் அவர் தலையில். இந்த மூன்றுக்கும் பதில் வைக்காமல் கடைசி தேதி மட்டும் சொன்னால் அதை யாரும் மதிப்பதில்லை.

தேதியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. போன வருஷ அக்டோபர் விற்பனையை எடுத்து இந்த வருஷ அக்டோபருக்குப் பத்து சதவீதம் கூட்டிப் போடுவார்கள். தீபாவளி மாதத்தோடு நகர்வதில்லை. 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. பழைய பில்களைத் தேதிப்படி பார்க்காமல் "தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு" என்று எண்ணிப் பார்த்தால்தான் ஒரு வருஷத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். அப்படிப் பார்க்கும்போது 2026-இன் சிக்கலும் தெரிகிறது. சம்பளம் வந்ததும் முதல் வாரத்தில் வீடுகளுக்குப் போகும் மாதச் சாமானும், பலகாரச் சாமானும் நவம்பர் 1 முதல் 7-க்குள் ஒன்றாக வந்து விழுகின்றன. 2025-இல் மாதச் சாமான் முடிந்து ஒரு வாரம் மூச்சு விட்டபின் பண்டிகை வியாபாரம் தொடங்கியது. இந்த முறை அந்த இடைவெளி கிடையாது. ஆகவே அக்டோபர் 31 சனிக்கிழமைக்குள் கடையில் சரக்கு இறங்கியிருக்க வேண்டும்.

அடுத்து, வண்டிக் கணக்கு. 60 கடைகள் உள்ள ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். சராசரிக் கடை ஒன்று முன்கூட்டி எடுக்கும் சரக்கு: ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட் 20 பெட்டி (பெட்டிக்குப் பத்துப் பாக்கெட், எடை ஏறக்குறைய ஒன்பதரை கிலோ), சர்க்கரை இரண்டு மூட்டை, மைதா ஒரு மூட்டை, சில்லறையாக மற்றவை. சேர்த்து 350 கிலோ வரும். 60 கடைக்கு 21 டன். குட்டி யானையில் 750 கிலோ ஏற்றலாம் என்றால் 28 நடை. இரண்டு வண்டி, நாளைக்கு மூன்று நடை வீதம் ஓடினால் ஐந்து நாள் பிடிக்கும். அக்டோபர் 26 திங்கள் முதல் 31 சனி வரை ஆறு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாள் உபரி மழைக்கு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். மைதா மூட்டையும் கடலை மாவும் நனைந்தால் கடைக்காரர் இறக்கவிட மாட்டார், திருப்பி எடுத்து வரும் நடையும் வீண்.

நாளைக்கு மூன்று நடைக்கு மேல் ஏன் ஓடாது என்று முதலாளிகள் கேட்பதுண்டு. ஏற்றுவதற்கு முக்கால் மணி நேரம், ஒரு கடையில் இறக்கி எண்ணிக் கையெழுத்து வாங்க அரை மணி, நெரிசலில் போய்வர ஒரு மணி. ஒரு நடைக்கு இரண்டு கடை என்றால் மூன்று மணி நேரம் ஆகிவிடும். நான்காவது நடை என்று போட்டால் இரவு எட்டு மணிக்கு, கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில், வண்டி போய் நிற்கும். கல்லாவில் இருப்பவர் எழுந்து வந்து பெட்டி எண்ண மாட்டார். எண்ணாமல் இறங்கிய சரக்கில் இரண்டு பெட்டி குறைகிறது என்று மறுநாள் போன் வரும்.

26-ஆம் தேதி வண்டி கிளம்ப வேண்டுமென்றால் குடோனில் சரக்கு 24-க்குள் இருக்க வேண்டும். கம்பெனிக்கு இன்டென்ட் போட்டு லோடு வந்து சேர ஏழு முதல் பத்து நாள். நடுவில் அக்டோபர் 19 ஆயுத பூஜை, 20 விஜயதசமி. லாரி ஷெட்டில் பூஜை, லோடுமேன்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், இரண்டு மூன்று நாள் எதுவும் நகராது. இதையெல்லாம் கழித்தால் கடைகளிடமிருந்து ஆர்டர் முடிய வேண்டிய நாள் அக்டோபர் 10 சனிக்கிழமை. கையிருப்பிலிருந்தே தரக்கூடிய சர்க்கரை, ரவை போன்றவற்றுக்கு 17 வரை விடலாம். எல்லாச் சரக்குக்கும் ஒரே தேதி வைக்கும் ஏஜென்சிகள் உண்டு. அது நெய்க்குத் தாமதமாகவும் சர்க்கரைக்கு அநாவசியமாகவும் போய் முடியும்.

இனி ஆர்டர் கேட்கும் விதம். "அண்ணாச்சி, தீபாவளிக்கு என்ன போடட்டும்?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பதுதான் பதில். சேல்ஸ்மேன் கையில் அந்தக் கடையின் பழைய எண் இருக்க வேண்டும். உதாரணமாக ஒரு கடை சாதாரணமாக வாரத்துக்கு ஆறு பெட்டி எண்ணெய் எடுக்கிறது. போன தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் 34 பெட்டி எடுத்தது. அதில் 18 வழக்கமானது, 16 பண்டிகைக்கானது. கடைசி நான்கு நாளில் கேட்ட எட்டுப் பெட்டியில் மூன்றுதான் போய்ச் சேர்ந்தது. இந்தக் கடைக்கான பேச்சு இப்படி இருக்கும்: "அண்ணாச்சி, போன தடவை கடைசியில அஞ்சு பெட்டி உங்களுக்கு வராமப் போச்சு. இந்த வருஷம் 20 பெட்டி முன்னாடியே இறக்கிடுறேன், மிச்சத்துக்கு நவம்பர் அஞ்சுல ஒரு நடை வருவேன். உங்க தெருவுக்கு வண்டி 28 புதன் காலை ஏழுலருந்து பத்துக்குள்ள." அவர் 20-ஐ 15 ஆக்குவார். பரவாயில்லை. பேரம் பேசிய எண் நிற்கும். விலையையும் அளவையும் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் "போட்டுக்கோங்க" என்று சொல்லும் ஆர்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதே ஆர்டர் மொத்தச் சந்தையிலும் இன்னொரு ஏஜென்சியிலும் இருக்கும், யார் முதலில் வருகிறாரோ அவருக்கு இடம். அத்தகைய கடைகளுக்கு முதல் நாளே நேரம் ஒதுக்குவது நல்லது. இறக்க மறுத்தாலும் சரக்கை வேறு கடைக்குத் திருப்ப நாள் இருக்கும்.

நேரம் ஒதுக்கும்போது தெருவின் குணம் தெரிய வேண்டும். மதுரை மாசி வீதிகள் போன்ற கடைவீதிகளில் பண்டிகை நெருங்கினால் பகலில் சரக்கு வண்டியை உள்ளே விடமாட்டார்கள். அங்கெல்லாம் காலை ஏழு மணி நடைதான், அதுவும் வாரத்தின் தொடக்கத்தில். குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்குப் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வசதி, கடையில் ஆள் குறைவு. ஒரு கடையில் பையன் மட்டும் இருக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும். "அப்பா வரட்டும்" என்று வண்டி அரை மணி நின்றால் அடுத்த கடையின் நேரமும் போய்விடும்.

பணத்துக்கு வருவோம். ஏழு நாள் கடன் வழக்கமென்றால் அக்டோபர் 28-இல் இறக்கியதற்கு நவம்பர் 4-இல் பணம் தர வேண்டும். அன்றைக்கு அந்த எண்ணெய் இன்னும் அலமாரியில்தான் இருக்கும். கடைக்காரர் ஒத்துக்கொள்ளாததில் நியாயம் உண்டு. பாதிப் பணம் ஏழாம் நாள், மீதி நவம்பர் 10 செவ்வாய்க்கிழமை என்று பிரித்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இந்தச் சலுகை கடைசி தேதிக்குள் சொன்னவர்களுக்கு மட்டும். தேதி தாண்டியவருக்கும் அதையே கொடுத்தால் அடுத்த வருஷம் அந்தத் தேதிக்கு மதிப்பில்லை.

விலைதான் மூன்றில் கடினமானது, ஏனென்றால் கடைக்காரரின் நினைவில் இரண்டு விதமான வருஷமும் இருக்கிறது. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா சமையல் எண்ணெய் மீதான அடிப்படை இறக்குமதி வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. முன்பே எடுத்து வைத்தவர் தீபாவளியில் சம்பாதித்தார். 2025-இல் தலைகீழ். ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையும் என்ற அறிவிப்பு வந்ததும் கடைகள் கையைக் கட்டிக்கொண்டன. செப்டம்பர் 22 முதல் நெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. அதற்குமுன் நெய் எடுக்கச் சொல்லி நின்ற சேல்ஸ்மேனுக்குப் பதிலே இல்லை, காத்திருந்தவர்தான் சரி. இந்த அனுபவத்துக்குப் பிறகு "விலை ஏறப்போகிறது" என்று பயமுறுத்தி ஆர்டர் வாங்குவது எடுபடாது. அதற்குப் பதில், ஆர்டர் நாளுக்கும் இறக்கும் நாளுக்கும் நடுவில் விலை இறங்கினால் இறங்கிய விலைக்கே பில், ஏறினால் ஆர்டர் நாள் விலை என்று எழுதிக் கொடுக்கலாம். ஏறும்போது வரும் வித்தியாசத்தைக் கம்பெனி தாங்குமா என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வாக்குக் கொடுத்தால் ஏஜென்சியின் லாபம் அங்கேயே கரையும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று மாதக் கடைசி ஸ்கீம். அக்டோபர் 31 கணக்கு முடிப்புக்காகக் கம்பெனி திடீரென்று பத்துக்கு ஒன்று இலவசம் என்று போடும். பத்தாம் தேதியே ஆர்டர் கொடுத்தவர் இதைப் பார்த்தால் மனம் கசந்துவிடும். பின்னால் வரும் ஸ்கீம் எதுவானாலும் முன்பதிவுக்கும் கிரெடிட் நோட்டாகக் கிடைக்கும் என்று பில்லிலேயே ஒரு வரி இருந்தால் போதும். அதே ஸ்கீமைக் காட்டிக் கடலை மாவை அளவுக்கு மீறித் தள்ளுவதும் நடக்கிறது. மழைக்கால ஈரத்தில் அதற்குச் சீக்கிரம் வண்டு பிடிக்கும், கார்த்திகையில் அத்தனையும் திரும்பி வரும். போன வருஷ அளவில் கால்பங்குக்கு மேல் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்காமல் இருப்பதே லாபம்.

கடைகளுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் பட்டாசுப் படமும் வாழ்த்தும் வேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

"நெய், எண்ணெய் ஆர்டர்: அக்டோபர் 10 சனி மாலை 6 வரை. சர்க்கரை, மைதா, ரவை: அக்டோபர் 17 மாலை 6 வரை. உங்கள் கடைக்கு வண்டி: 28 புதன், காலை 7–10. நேரம் மாற்ற 24-க்குள் சொல்லவும். குறைந்த சரக்குக்கு இரண்டாம் நடை: நவம்பர் 5, 6. அதற்கான ஆர்டர் நவம்பர் 4 புதன் மாலை 4 வரை."

இரண்டாம் நடைக்குக் குடோனில் ஆறில் ஒரு பங்கு சரக்கை ஒதுக்கி வைக்க வேண்டும், முன்பதிவு செய்த கடைகளுக்கு மட்டும். நவம்பர் 6 மாலைக்குப் பிறகு போன் செய்பவர்களுக்கு ஒரே பதில்: மீதி இருந்தால் ஏழாம் தேதி காலை குடோனுக்கு வந்து, ரொக்கம் கொடுத்து, தங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.