உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டில்கள்

காலையில் கண்ணில் பட்டது ஒரு பழைய புகைப்படம். கலிஃபோர்னியா சிறையின் உடற்பயிற்சிக் கூடம். தரை தெரியாத அளவுக்கு அடுக்குக் கட்டில்கள்.

2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கலிஃபோர்னியா சிறை நெரிசல் வழக்கின் தீர்ப்போடு இணைத்த படங்களில் ஒன்று. வழக்கு விசாரணையின்போது, ஏறத்தாழ 80,000 பேருக்குக் கட்டிய சிறைகளில் சுமார் 1,56,000 பேர் இருந்தார்கள்.

இப்படி ஒரு கூடத்தில் 200 பேர் வரை. காவலுக்கு இரண்டு மூன்று பேர். கட்டில்களுக்கு நடுவே அடிதடி நடந்தால் யாருக்குத் தெரியும்?

கலவரத்துக்குப் பயந்து சிறையைப் பூட்டினால், நோயாளியை ஒவ்வொருவராகக் காவலர் துணையோடுதான் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அதற்கும் ஆள் இல்லை. சண்டையைத் தடுக்கப் போட்ட பூட்டு, வைத்தியத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மனநல சிகிச்சைக்கு 12 மாதம் வரை காத்திருப்பு. தற்கொலை எண்ணம் உள்ளவர்களை டெலிபோன் பூத் அளவுக் கூண்டில் நிறுத்தினார்கள், கழிப்பறை கிடையாது. ஒருவர் கிட்டத்தட்ட 24 மணி நேரம் தன் சிறுநீரிலேயே நின்றார். அதிகாரிகள் சொன்ன காரணம்: "வைக்க வேறு இடமில்லை."

பொய்யில்லை. திருந்தி வெளியே போவதற்கான பயிற்சிக்கு இருந்த இடத்திலும் கட்டில் போட்டாயிற்றே.