இருவழி அட்டவணையில் ‘அல்லது’: இருமுறை எண்ணப்படும் அந்த ஒரு கட்டம்

நிகழ்தகவுப் பாடத்தின் முதல் தேர்வில் நான் மதிப்பெண் இழந்த கணக்கு, பார்ப்பதற்கு மிக எளியது. ஒரு நூலகத்திற்கு ஒரு நாளில் வந்த 120 பேர் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டு, இருவழி அட்டவணையாகத் தரப்பட்டிருந்தனர். அந்த வினாத்தாளின் எண்கள் இப்போது என்னிடம் இல்லை. அதே அமைப்பில் ஓர் அட்டவணையை இங்கே தந்து, அன்று நடந்ததை இதன் எண்களைக் கொண்டே சொல்கிறேன்.

| | நூல் எடுத்தவர் | நூல் எடுக்காதவர் | மொத்தம் |
|---|---|---|---|
| மாணவர் | 18 | 26 | 44 |
| மற்றவர் | 22 | 54 | 76 |
| மொத்தம் | 40 | 80 | 120 |

இவர்களுள் ஒருவர் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டால், அவர் மாணவராகவோ அல்லது நூல் எடுத்தவராகவோ இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்பது கேள்வி. மாணவர் 44 பேர், நூல் எடுத்தவர் 40 பேர், இரண்டையும் கூட்டினால் 84, ஆகவே 84/120, அதாவது 7/10 என்று எழுதினேன். பின்னம் அழகாகச் சுருங்கியதால் விடை சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அடுத்த கேள்விக்குச் சென்றுவிட்டேன்.

விடைத்தாளைத் திருப்பித் தந்தபோது ஆசிரியை விடையை அடிக்கவில்லை. 18 என்ற எண்ணைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்டிருந்தார். “மாணவர்களை எண்ணும்போது இவர்களை எண்ணினாயா?” என்று கேட்டார். எண்ணினேன் என்றேன். “நூல் எடுத்தவர்களை எண்ணும்போது?” என்று மீண்டும் கேட்டார். அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாணவர் நிரையின் மொத்தமான 44க்குள்ளும், நூல் எடுத்தவர் நிரலின் மொத்தமான 40க்குள்ளும் அந்த 18 பேர் இருக்கிறார்கள். நான் கூட்டிய 84 என்பது 84 ஆட்களைக் குறிக்கவில்லை. 66 ஆட்களும், அவர்களுள் இரண்டாம் முறை எண்ணப்பட்ட 18 பேரும் சேர்ந்ததே அந்த எண்.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை, சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் பென்சிலால் நிழலிடுவது. முதலில் மாணவர் நிரையிலுள்ள இரண்டு கட்டங்களையும் மெல்ல நிழலிட வேண்டும். பிறகு நூல் எடுத்தவர் நிரலிலுள்ள இரண்டு கட்டங்களையும் வேறு சாய்வில் நிழலிட வேண்டும். மொத்தங்கள் எழுதப்பட்ட ஓரக் கட்டங்களை நிழலிடக் கூடாது, ஏனெனில் அவற்றில் இருப்பவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்தாம். இப்போது 18 உள்ள கட்டத்தில் மட்டும் இரு சாய்வுக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடும். அந்தக் கட்டமே இரு நிகழ்ச்சிகளின் வெட்டு. நிழல் பட்ட மூன்று கட்டங்களும் சேர்ந்தது சேர்ப்பு. 18, 26, 22 ஆகியவற்றை ஒவ்வொரு முறை மட்டும் கூட்டினால் 66 கிடைக்கிறது. நிகழ்தகவு 66/120, அதாவது 11/20 அல்லது 0.55.

மாணவராக இருத்தலை A என்றும், நூல் எடுத்தவராக இருத்தலை B என்றும் கொண்டால், பாடநூலில் உள்ள கூட்டல் விதி இதையே சொல்கிறது.

P(A ∪ B) = P(A) + P(B) − P(A ∩ B) = 44/120 + 40/120 − 18/120 = 66/120

கழித்தல் குறி ஏன் அங்கே வருகிறது என்பதைக் குறுக்குக் கோடிட்ட கட்டத்தில் கண்ணால் பார்த்த பிறகு, அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது. வெட்டை முழுவதுமாக நீக்குவதற்காக நாம் கழிப்பதில்லை. இருமுறை எண்ணியதில் ஒருமுறையை மட்டும் திரும்பப் பெறுகிறோம், அந்த 18 பேர் விடைக்குள் இருந்தே தீர வேண்டும். ‘மாணவராகவோ நூல் எடுத்தவராகவோ, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டுமாக இல்லாமல்’ என்று கேட்டால்தான் அவர்கள் முழுவதும் வெளியேறுவார்கள்; அப்போது விடை 26 + 22 = 48, அதாவது 48/120. கேள்வியில் இத்தகைய சொல் இல்லாதவரை, கணிதத்தில் ‘அல்லது’ என்பது இரண்டும் பொருந்துபவரையும் உள்ளடக்கியதே.

என் தவறு எனக்குப் புலப்படாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு: 0.7 என்பது 1ஐவிடக் குறைவு, ஆகவே எந்த எச்சரிக்கையும் எழவில்லை. இதே அட்டவணையில் ‘மற்றவராகவோ அல்லது நூல் எடுக்காதவராகவோ’ என்று கேட்டிருந்தால், 76 + 80 = 156 என்று கூட்டி 156/120 என எழுதிய உடனே, நிகழ்தகவு 1ஐத் தாண்டுவதைக் கண்டு திகைத்திருப்பேன். (இதன் சரியான விடை 76 + 80 − 54 = 102, அதாவது 0.85.) ஒன்றைத் தாண்டவில்லை என்பதால் மட்டும் கூட்டல் சரியாகிவிடாது, அதைச் சோதனையாக நம்புவது போதாது.

நம்பத் தகுந்த சோதனை நிரப்பு நிகழ்ச்சியில் இருக்கிறது. நிழல் படாமல் எஞ்சியது ஒரே கட்டம்: மாணவரும் அல்லாத, நூலும் எடுக்காத 54 பேர். 120 − 54 = 66. வேறு வழியில் வந்தும் அதே எண் கிடைக்கிறது. இரண்டு நிரையும் இரண்டு நிரலும் கொண்ட அட்டவணையில், ஒரு நிகழ்ச்சியை நிரையிலிருந்தும் மற்றொன்றை நிரலிலிருந்தும் எடுத்தால், எஞ்சுவது எப்போதும் ஒரே கட்டமாகவே இருக்கும் என்பதால், இந்தச் சோதனைக்கு ஒரு கழித்தலுக்கு மேல் நேரம் ஆகாது. தேர்வில் நான் இதை ஓரத்தில் எழுதியே விடுகிறேன்.

வெட்டின் நிகழ்தகவை எழுதும்போது இன்னும் இரண்டு இடங்களில் கை வழுக்கும். முதலாவது, வகுக்கும் எண்ணை மாற்றிவிடுவது. நூல் எடுத்த 40 பேருள் 18 பேர் மாணவர் என்று படித்துவிட்டு 18/40 எனக் கழித்தால், 0.7 − 0.45 = 0.25 என்று வரும். ஆனால் மாணவராக இருப்பதற்கான நிகழ்தகவு மட்டுமே 44/120, ஏறத்தாழ 0.37. மாணவர்கள் அனைவரையும் உள்ளடக்கிய ஒரு கூட்டம் மாணவர் கூட்டத்தைவிடச் சிறியதாக இருக்க முடியாது. ஆகவே எங்கோ பிழை என்பது உடனே தெரிந்துவிடுகிறது. தேர்ந்தெடுக்கப்படுபவர் 120 பேரிலிருந்து வருகிறார் என்பதால், மூன்று பின்னங்களுக்கும் கீழே 120 தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது இதைவிட நுட்பமானது, விடையைப் பார்த்து எளிதில் பிடிக்க முடியாதது. சிலர் வெட்டைப் பெற 44/120ஐயும் 40/120ஐயும் பெருக்கிவிடுவார்கள். அப்படிப் பெருக்கினால் வெட்டில் இருப்பவர்கள் ஏறத்தாழ 14.67 பேர் என்றாகிறது. இறுதி விடையும் 0.58 அளவில், நம்பும்படியாகவே வந்து நிற்கும். அந்தப் பெருக்கல் சார்பிலா நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே பொருந்தும். இங்கே உண்மையான எண் 18 என்று அட்டவணையே கூறுவதால், இவை சார்பிலா நிகழ்ச்சிகள் அல்ல. எண்ணி எழுதப்பட்ட கட்டம் கண்ணெதிரே இருக்கும்போது அதை ஊகித்துப் பெற வேண்டியதில்லை.

கழித்தலே தேவைப்படாத நிலையும் உண்டு. நிரல்கள் மூன்றாகி, ‘ஒரு நூல் எடுத்தவர்’, ‘ஒன்றுக்கு மேல் எடுத்தவர்’, ‘எடுக்காதவர்’ என்று பிரிந்திருக்கும்போது, முதலிரண்டின் சேர்ப்பைக் கேட்டால், இரு நிரல்களுக்கும் பொதுவான கட்டம் எதுவும் இல்லை. இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். நிழலிட்டுப் பார்த்தால் கோடுகள் எங்கும் குறுக்கிடாது, மொத்தங்களை அப்படியே கூட்டிவிடலாம்.